முதுகு காட்டாதது

எங்கள் மலையில் பகலிலேயே ஓர் இருட்டு உண்டு. அதைச் சாவி போட்டுத் திறந்துதான் உள்ளே போக வேண்டும்.

புளியமரங்களுக்கு மேலே வெள்ளையாக, மொட்டைத் தலையாக எழுந்து நிற்கும் தொலைநோக்கிக் கூடத்தை இங்கே எல்லோரும் டோம் என்பார்கள். கீழே வட்டமான கல் சுவர். அது அசையாது. அதன் தலைமேல் தண்டவாளம், தண்டவாளத்தின் மேல் இரும்புக் கூரை. கூரை மட்டும் சுற்றும். வானத்தின் எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் தன் வாயைத் திருப்பி வைத்துக்கொள்ளும். பகலில் அந்த வாயை மூடி விளக்கை அணைத்துவிட்டால் உள்ளே நம் கை நமக்குத் தெரியாது.

என் கணவருக்கு அங்கே இயந்திரப் பராமரிப்பு வேலை. எனக்குச் சனிக்கிழமை சாயங்காலங்களில் பார்வையாளர்களுக்குச் சின்னத் தொலைநோக்கியில் வானம் காட்டிச் சொல்லும் வேலை. மற்ற நாட்களில் நான் எழுதுவேன், கிழிப்பேன், மறுபடி எழுதுவேன். ஓர் இடத்தில் உட்காராத பிறவி என்று அவர் சொல்வார். அவரோ உட்கார்ந்தால் மலை.

அந்த மலை விழுந்தது.

வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், கூரையில் ஓட்டை பார்ப்பார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், துருப்பிடித்த ஆணித் துளைகளும் விட்டுப்போன இணைப்புகளும் வெளி வெயிலில் பொட்டுப் பொட்டாகத் தெரியும். பகலில் திருட்டு நட்சத்திரங்கள். கூரையின் உட்புறத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இரும்புத் தட்டு ஒன்று பொருத்தியிருக்கிறது. தரையிலிருந்து சக்கரம் வைத்த படியில் ஏறி அந்தத் தட்டுக்குப் போய், இடுப்பில் வாரை மாட்டிக்கொண்டு நின்றால், கூரை சுற்றும்போது ஆளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். முழுச் சுற்று வந்ததும் ஏறின இடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

அன்றைக்குத் தட்டில் என் கணவர். கதவோரம் பொத்தான் அருகே புதிதாக வந்திருந்த இளம் இன்ஜினியர். படிக்குப் பக்கத்தில், தரையில், கூட்டிப் பெருக்கும் ஒப்பந்த வேலைக்காரி. பக்கத்துக் கிராமம், காட்டில் சாமை போடுகிற குடும்பம், என்னைவிட நாலைந்து வயது சின்னவள், வாயாடி. மூவர்தான். விளக்கு அணைந்தது. கூரை உறுமிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. "முழுசா வந்தாச்சு சார்" என்றார் இன்ஜினியர். "ஆமா, வந்தாச்சு" என்றார் இவர். விளக்குப் போடும் வரைக்கும் பொறுக்கவில்லை. வாரைக் கழற்றிவிட்டு, ஆயிரம் தடவை இறங்கிய பழக்கத்தில், முதுகு காட்டிக் காலைக் கீழே விட்டார்.

அங்கே படி இல்லை.

தொடை எலும்பு முறிந்தது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கம்பி வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி என்னைப் பற்றியோ காலைப் பற்றியோ அல்ல.

"படிய எவ நகத்தினா?"

விசாரணைக்கு வந்த பொறுப்பதிகாரியிடமும் அதையேதான் சொன்னார். "நான் ஏறினப்போ எனக்கு நேர் எதிர்ல பெரிய ஓட்ட ஒண்ணு, ரூபா காசு மாதிரி. நின்னப்பவும் அது நேர் எதிர்லதான் இருந்துச்சு. அப்போ நான் ஏறின எடத்துக்கே வந்துட்டேன்னுதானே அர்த்தம்? படிதான் அங்க இல்ல." இன்ஜினியரும் இருட்டில் ஒளிரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் பொத்தானை விட்டதாகவும், வழக்கமாக ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் சரியாக ஆகியிருந்ததாகவும் சொன்னார். கூரை எந்தத் திசையில் நிற்கிறது என்று காட்டும் முள் அந்த வாரம் கழற்றிப் பழுதுக்குப் போயிருந்தது. இருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் பயமே. இரண்டு உண்மைகள் சேர்ந்து மூன்றாவது ஆளைப் பார்த்து விரல் நீட்டின. இருட்டில் படிக்குப் பக்கத்தில் நின்றவள் அவள் ஒருத்திதான். செங்கத்திலிருந்து ஒப்பந்தக்காரர் போன் செய்து, விசாரணை முடிகிற வரைக்கும் டோம் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். 'முடிகிற வரைக்கும்' என்றால் என்ன அர்த்தம் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நா அத்த தொடவே இல்லக்கா. இருட்டுல எனக்கே பயம். படிக்கம்பிய இறுக்கிப் புடிச்சிகினு நின்னுகினு இருந்தேன். சாரு வுழுந்த சத்தம் எங்கேந்து வந்துச்சு தெரியுமா? என் பக்கத்துலேந்து இல்ல. அந்தாண்டேந்து."

"இத அதிகாரிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். இருட்டுல சத்தம் எங்கேந்து வேணா வர்ற மாதிரி இருக்கும்னாரு. எனக்கு வேற எங்கக்கா வேல? சாம வெளஞ்சா ஒரு மாசம், புளி ஒலுக்குனா ஒரு மாசம். மீதிக்கு இன்னா பண்றது? பெங்களூருக்குப் போயி கல்லு சுமக்கணும். பொண்ணு எட்டாவது படிக்கறா. அவள யாருகிட்ட வுட்டுட்டுப் போறது?"

உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது. "யாரும்மா அது?"

அவள் போய்விட்டாள்.

அந்த நாட்களில் வீடு மாறிப்போயிருந்தது. கட்டில் ஜன்னலோரம். இவரால் ஒரு பக்கமாகத்தான் படுக்க முடியும், ஜன்னலைப் பார்த்தபடி. சாயங்காலம் அதில் நிலா வரும். நான் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு உள்ளே ஏதோ கூசும், வேறு யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி.

"அத மூடு" என்றார் ஒருநாள்.

"எத?"

"ஜன்னல. அது என்னியே பாக்குது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இருபது வருடமாக நிலாவைச் சுத்தமாக மதிக்காத மனுஷன். அது வெளிச்சம் அடித்தால் வேலை கெடும் என்று திட்டுகிறவர். மூடினேன். மூடிய பிறகும் பலகை இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் நுழைந்து அவர் கன்னத்தில் கிடந்தது. துடைத்தால் போகாத வெளிச்சம்.

சனிக்கிழமை வந்தது. பாதி நிலா, சூரியன் விழும்போதே தலைக்கு மேல் தெளிவாக நின்றது. கலசப்பாக்கத்து நெல் வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். தொலைநோக்கியில் கண்ணை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. அவர் மனைவி இடித்தாள். "நவுருங்க, நீங்க மட்டுமா டிக்கெட்டு வாங்கினீங்க?"

"இரு இரு. ஏம்மா, நான் சின்ன வயசுலேந்து பாக்கறேன். இதே கறைதான், இதே மூஞ்சிதான். இது சுத்தவே இல்லம்மா. சுத்துச்சுன்னா முதுகு தெரியணும்ல?"

வாரா வாரம் யாராவது கேட்பார்கள். என்னிடம் தயாராக ஒரு நாற்காலி உண்டு. புல்வெளி நடுவில் அதைப் போட்டு, அவர் மனைவியை உட்காரச் சொன்னேன். "இவங்கதான் பூமி. நீங்க நிலா. மூஞ்சிய அவங்க பக்கமே வச்சிகிட்டு ஒரு ரவுண்டு வாங்க."

"வூட்லயும் இதே வேலதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கவாட்டில் காலெடுத்து வைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுற்றி வந்தார்.

"அவங்களுக்கு உங்க முதுகு தெரிஞ்சுதா?"

"இல்ல."

"அவங்க தலைக்குப் பின்னாடி உங்களுக்கு இன்னா இன்னா தெரிஞ்சுது?"

யோசித்தார். "மொதல்ல வாசக் கேட்டு. அப்புறம் அந்தப் புளியமரம். அப்புறம் மல. அப்புறம்... டோமு. திரும்ப கேட்டு."

"திரும்பாத ஆளுக்கு நாலு பக்கமும் எப்படித் தெரியும்?"

அவர் அப்படியே நின்றார். "அட. நான் ஒரு சுத்து திரும்பிட்டேன்."

"அவ்வளவுதான். பூமிய ஒரு தடவ சுத்தி வர்ற நேரத்துல தன்னையும் சரியா ஒரு தடவ சுத்திக்குது. அதனாலதான் ஒரே முகம்."

பிறகு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். ஒரு காலத்தில் அது வேகமாகச் சுழன்றது. அப்போது இங்கே நின்று பார்க்க யாராவது இருந்திருந்தால் அதன் எல்லாப் பக்கமும் தெரிந்திருக்கும். ஆனால் பூமியின் இழுப்பு அதன் கிட்டத்துப் பக்கத்தில் அதிகம், எட்டத்துப் பக்கத்தில் குறைவு. அந்த வித்தியாசம் அந்தக் கல் உடம்பைக் கொஞ்சம் நீட்டியது. நம் பக்கம் ஒரு புடைப்பு, எதிர்ப்பக்கம் ஒரு புடைப்பு. நிலா சுழலச் சுழல, புடைப்பு நமக்கு நேராக நிற்காமல் முன்னால் நழுவும். பூமி அதைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். உள்ளே பாறை நெளிந்து, உரசி, சூடாகும். சுழற்சி சற்றுக் குறையும். மறுபடி நழுவல், மறுபடி இழுப்பு. சுழலும் நேரமும் சுற்றும் நேரமும் ஒன்றாகிற வரைக்கும். அதற்குப் பிறகு புடைப்பு எங்கும் போகவில்லை. நம்மைப் பார்த்தபடி நின்றுவிட்டது.

"அப்போ பழகின மூஞ்சி இல்ல இது" என்றாள் அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து. "புடிச்சி நிறுத்தின மூஞ்சி."

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. அது மட்டுமல்ல. நெல் வியாபாரி சொன்ன வாசல் கேட்டு, புளியமரம், மலை எல்லாம் மனதில் சுற்றிக்கொண்டிருந்தன. அவை அசையாமல் நின்றதால்தான் தான் திரும்பியது அவருக்குத் தெரிந்தது. அவையும் அவரோடு சேர்ந்து சுற்றியிருந்தால்? மலையும் மரமும் கேட்டும் அவர் எதிரே ஒட்டிக்கொண்டே வந்திருந்தால்? தான் நகரவே இல்லை என்று சத்தியம் செய்திருப்பார்.

ரூபாய்க் காசு அளவு ஓட்டை.

அது கல் சுவரில் இல்லை. கூரையில் இருந்தது. இவர் நின்ற தட்டும் அதே கூரையில். கால் சுற்றோ, அரைச் சுற்றோ, எங்கே போனாலும் அது இவருக்கு நேர் எதிரேதான் இருக்கும். அது அடையாளமே இல்லை. கூடவே வரும் ஒரு பொய் நட்சத்திரம்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ சனிக்கிழம கதைய எங்கிட்ட வுடாத. கடிகாரமும் பொய்யா? சுத்தினது எனக்குத் தெரியாதா? எத்தினி வருஷம் அந்தத் தட்டுல நின்னுருக்கேன்?"

"அப்ப வந்து பாருங்க."

"நொண்டிகினு வரணுமா?"

"ஒரு பொம்பள பெங்களூருக்குப் போயி கல்லு சுமக்கப் போறா. நீங்க நொண்டிகினு வரக் கூடாதா?"

வந்தார். பொறுப்பதிகாரியிடம் அனுமதி வாங்கி ஒரு பிற்பகலில், கைத்தடிகளோடு. அவளையும் வரச் சொல்லியிருந்தேன். படிக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், அன்றைக்கு நின்ற மாதிரியே. இவர் அவளைப் பார்க்கவில்லை. நடுவில், துணி போர்த்திய தொலைநோக்கிக்குப் பக்கத்தில், சுற்றும் நாற்காலியில் உட்கார வைத்தோம். தட்டில் ஏறியது நான். வாரை இறுக்கி மாட்டிக்கொண்டேன். நெஞ்சில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, இவருக்கு நான் இருக்குமிடம் தெரிவதற்காக. இன்ஜினியரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். "எங்க வேணா நிறுத்துங்க. எங்கன்னு சொல்லாதீங்க."

விளக்கு அணைந்தது.

எழுத்தில் எத்தனையோ தடவை இருட்டு என்று போட்டிருக்கிறேன். அவையெல்லாம் சாம்பல் நிறம். இது கறுப்பு. பிறகு ஒவ்வொன்றாக வெயில் துளைகள் முளைத்தன. எதிரே பெரியது, ரூபாய்க் காசு. அதைச் சுற்றிப் பொடிகள். கீழே ஒன்றுமில்லை, பாதாளம். கூரை உறுமியது. தட்டு என் பாதத்துக்கு அடியில் மெல்ல அதிர்ந்தது. சுற்றுகிறது என்று காது சொன்னது. கண் இல்லை என்றது. காசு நேர் எதிரே. பொடிகள் அதனதன் இடத்தில். என் உடம்பு கண்ணை நம்பியது. எத்தனை எளிதாக நம்பியது! நான் ஒரே இடத்தில் நிற்கிறேன், உலகம் எங்கோ கீழே இரைந்துகொண்டு போகிறது. அது போகட்டும் என்று தோன்றியது. இப்படியே காலம் காலமாக நின்றுவிடலாம் என்றும் தோன்றியது. அந்த நினைப்பு என்னுடையது மாதிரி இல்லை.

உறுமல் நின்றது.

"எங்க இருக்கே?" இவர் குரல், கீழே கூடத்தின் நடுவிலிருந்து, மிகப் பக்கத்தில் கேட்பதுபோல.

"ஏறின இடத்துலதான்" என்றேன். அதையேதான் சொல்லப்போகிறேன் என்று தெரிந்தும், சொல்லும்போது அது உண்மையாக இருந்தது. "நீங்க சொல்லுங்க, நான் எங்க இருக்கேன்?"

"ஏறின இடத்துலதான். சிவப்பு வெளக்கு எனக்கு நேரா இருக்குது. கண்ணையே எடுக்கலயே."

காலைக் கீழே நீட்டிப் பார்த்தேன். வார் இடுப்பைப் பிடித்திருந்தது. காலுக்குக் கீழே காற்று மட்டும்.

"வெளக்கப் போடுங்க."

வெளிச்சம் வந்தது. படி எனக்குக் கீழே இல்லை. கூடத்தின் மறுபக்கத்தில், கிட்டத்தட்ட எதிரே இருந்தது. அதன் கம்பியைக் கட்டிக்கொண்டு அவள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். "நா கைய எடுக்கலங்க, நா எடுக்கலங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், மந்திரம் மாதிரி.

அதைவிட என்னை உறைய வைத்தது இவருடைய நாற்காலி. உட்கார வைத்தபோது கதவு அவருக்கு இடது கைப்பக்கம் இருந்தது. இப்போது வலது கைப்பக்கம். என் சிவப்பு விளக்கைத் தொடர்ந்து, நல்ல காலால் தரையைத் தள்ளித் தள்ளி, அவரும் கூடவே திரும்பியிருக்கிறார். அவருக்கே தெரியவில்லை. இருட்டில் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடியே சுற்றியிருக்கிறோம். நகரவில்லை என்று இருவருமே நினைத்தபடி.

இவர் கதவைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். அப்புறம் முதல் தடவையாக அவளைப் பார்த்தார்.

"கண்ணத் தொறம்மா" என்றார். "படிய நீ நகத்தல. நான்தான் போய்ட்டேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். கம்பியை மட்டும் விடவில்லை.

கடிகாரக் கணக்கு ஏன் தவறியது என்பதை இன்ஜினியர் கண்டுபிடித்தார். கூரையைத் தள்ளும் சக்கரம் தண்டவாளத்தோடு உரசித்தான் அதைச் சுற்ற வைக்கும். அன்று காலை இவரே தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டிருந்தார், கொஞ்சம் தாராளமாக. சக்கரம் வழுக்கியிருக்கிறது. நேரம் முழுதாக ஓடியது, கூரை ஓடவில்லை. கால் சுற்று குறைந்தது. உரசல் சரியாக இருந்திருந்தால் இவர் விழுந்திருக்க மாட்டார். நிலாவைப் பிடித்து நிறுத்தியதும் உரசல்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பொறுப்பதிகாரியிடம் இவரே போய்ச் சொன்னார். ஒப்பந்தக்காரர் அவளைத் திரும்ப வரச் சொன்னார். வந்ததும் அவள் செய்த முதல் காரியம், ஒரு டப்பா சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுபோய், படி நிற்கும் இடத்துக்கு நேரே கல் சுவரில், கையகலத்துக்கு ஒரு பட்டை அடித்தது. அடித்துவிட்டு இவரிடம் சொன்னாள்: "சாரு, இது சுத்தாது. மேல எதையும் நம்பாதீங்க, இதப் பாத்து எறங்குங்க. இருட்டுல தெரியாது, அதனால வெளக்கப் போட்ட பிற்பாடு எறங்குங்க." இவர் சரி என்று தலையாட்டினார். அந்த ஆட்டலை நான் இருபது வருடத்தில் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து அவள் கிராமத்துக்குப் புறப்பட்டாள். நானும் புளியமரம் வரைக்கும் கூடப் போனேன். முழு நிலா கிழக்கே மலை இடுக்கிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது, மஞ்சளாக, வேண்டியதைவிடப் பெரிதாக.

"நீங்க சனிக்கிழம சொல்ற கதைய சாரு எனக்குச் சொன்னாருக்கா" என்றாள். "மின்ன அது வேகமா சுத்திகினு இருந்துச்சாமே."

"ஆமா."

"இப்ப நம்மளயே பாக்குது."

"ஆமா. ஆனா முழுசா அடங்கலன்னு வச்சிக்கோ. அது பூமிகிட்ட வர்றப்ப ஓட்டம் ஜாஸ்தி, எட்டப் போறப்ப கம்மி. தன்னச் சுத்துறது மட்டும் ஒரே சீரு. ரெண்டும் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். அப்ப தல லேசா அசையற மாதிரி ஓரத்துல கொஞ்சம் கூடத் தெரியும். போன மாசம் விளிம்போட ஒட்டியிருந்த கற, இந்த மாசம் உள்ள தள்ளி நிக்குது."

அவள் நின்றாள். நிலாவைப் பார்த்தாள். எட்டிப் பார்க்கிற ஒன்றைப் பார்க்கிற மாதிரி.

"நம்மளுது? நாம அதுங்கிட்ட மாட்டிக்க மாட்டமா?"

"அது நம்மளயும் பிடிச்சு இழுத்துகினுதான் இருக்குது. கடல் ஏறி எறங்குதே, அது அதோட இழுப்புதான். அதனால நம்ம சுத்தும் கொறஞ்சிகினே வருது. ஆனா நாம அப்படி முழுசா நிக்கறதுக்குள்ள சூரியனே முடிஞ்சிடும்."

அதில் அவளுக்கு ஆறுதல் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். நம்மளப் பாக்க நிக்கறதுக்கு மின்னாடி, சுத்தினப்போ, அது எல்லாத்தியும் பாத்துகினு இருந்திருக்கும்ல? அந்தப் பக்கமும்?"

"பாத்திருக்கும்."

"அந்தப் பக்கம் இன்னா இருந்துச்சு?"

எனக்குத் தெரிந்த பதில் ஒன்று உண்டு. ஒன்றுமில்லை, வெறும் வானம், நட்சத்திரங்கள். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் நடக்க ஆரம்பித்திருந்தாள். இறக்கத்தில், நிலாவுக்கு முதுகு காட்டாமல், ஒருக்களித்து, பக்கவாட்டில் காலெடுத்து வைத்து.

வீட்டுக்கு வந்தபோது ஜன்னல் திறந்திருந்தது. இவர் தடியை ஊன்றி அதன் முன்னால், நிலாவைப் பார்த்தபடி நின்றிருந்தார். என் காலடி கேட்டிருக்கும். திரும்பவில்லை.